‘டிக்’ போட்ட தாளில் இல்லாதது: ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காட்டிலும் கோவையிலும் ஹோம் நர்ஸ் ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் எழுதுவது.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. பேச்சு ஒன்றிரண்டு சொல்லோடு சரி. வீட்டுக்காரர் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கு வேலைக்குப் போகிறவர், நான் இங்கே பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். ஆகவே ஏஜென்சி வழியாக ஒரு சேச்சி வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார். ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் வருவார். இதுவரை வந்தவர்கள் யாரைப் பற்றியும் எனக்குப் பெரிய குறை இல்லை. குறையெல்லாம் அவர்கள் கையில் நீங்கள் கொடுத்தனுப்பும் தாளைப் பற்றித்தான்.

அந்தத் தாளைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். எந்த ஏஜென்சி ஆனாலும் ஏறத்தாழ ஒரே அச்சு. இடப்பக்கம் மணி, மேலே ‘குளியல்’, ‘உணவு’, ‘மருந்து’, ‘டயப்பர்’, ‘பொசிஷன் மாற்றம்’ என்று கட்டங்கள். பொசிஷன் கட்டத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு டிக். எங்கள் வீட்டுத் தாளில் ஒரு டிக் கூட விடுபட்டதில்லை. அப்படி இருந்தும் அத்தைக்கு முதுகுக்குக் கீழே, வால் எலும்பு மேட்டில், படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி வந்தது.

எப்படி வந்தது என்று சொன்னால்தான் நான் கேட்கப்போவது உங்களுக்கு விளங்கும்.

காலையில் டயப்பர் மாற்றும்போது ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரு திட்டு தெரிந்தது. அத்தை கறுப்பு. சிவந்த தோலில் தெரிகிற மாதிரி செக்கச்செவேல் என்று தெரியாது. சுற்றுத் தோலைவிட இன்னும் கொஞ்சம் கருத்து, ஊதா கலந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். டயப்பர் புண் என்று நினைத்துச் சேச்சி தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தேய்க்கப் போனார். அன்று பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வருகிற நாள். தேய்க்க வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அழுத்தம் பட்டு ரத்த ஓட்டம் நின்ற இடத்தில் உள்ளே சதை ஏற்கெனவே நைந்திருக்கும், மேலே தேய்த்தால் இன்னும் கிழியும் என்றார்.

அதோடு இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று காட்டியும் கொடுத்தார். டயப்பர் ஈரத்தால் வரும் புண் இடுக்குகளிலும் மடிப்புகளிலும் படர்ந்து கிடக்கும், ஓரம் தெளிவாக இருக்காது, எலும்பு மேட்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அழுத்தத்தால் வருவது எலும்பு துருத்தும் இடத்தில், ஓரிடத்தில், ஓரம் கட்டி நிற்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நல்ல தோல் ஒரு கணம் வெளுத்து மறுபடி நிறம் ஏறும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அழுத்தப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் இந்த வெளுப்பு கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்: பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, விரலுக்குக் கெட்டியாகவோ களிபோலவோ படுகிறதா என்று. அத்தைக்குச் சூடும் இருந்தது, கெட்டியும் இருந்தது.

பிறகு அவர் உங்கள் தாளைக் கேட்டு வாங்கினார். வரிசையாக டிக். “திருப்பிப் போட்டிருக்கீங்க, சரி. எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கத்துக்கு?” என்று கேட்டார். தாளில் அதற்கு இடமே இல்லை.

அடுத்த சில நாள் ஒரு நோட்டில் டிக்குக்குப் பதிலாக எப்படிப் படுத்திருக்கிறார் என்று எழுதச் சொன்னார். எழுதியதும் காரணம் தானே வெளியில் வந்தது. அத்தைக்குக் கஞ்சி காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு. குழாயில் கஞ்சி விடும்போது தலைப்பக்கத்தைத் தூக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு தடவையும் மல்லாக்கப் போட்டுக் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலையை உயர்த்திவிடுவார்கள். அடுத்த 2 மணி நேரம் அப்படியே. 8 மணிக்கு இடப்பக்கம், 10 மணிக்கு மறுபடி மல்லாக்க, 12 மணிக்கு வலப்பக்கம், 2 மணிக்கு மறுபடி மல்லாக்க. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பியது சத்தியமான உண்மை. ஆனால் காலை 6 முதல் நள்ளிரவு 12 வரையிலான 18 மணி நேரத்தில் 10 மணி நேரம் அதே வால் எலும்பின் மேல்தான் உடம்பு கிடந்திருக்கிறது.

அதிலும் தலையைத் தூக்கி மல்லாக்கக் கிடப்பது வெறுமே மல்லாக்கக் கிடப்பதைவிட மோசம். தலைப்பக்கம் உயர்ந்தால் உடம்பு மெல்லக் கீழே சரியும். டயப்பர் ஈரத்தில் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் நழுவும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்கும். மேலே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே கெடுவது இப்படித்தான். கால் நுனி கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தால் சரிந்துவிட்டார் என்று அர்த்தம். அத்தை அப்படித்தான் இருந்திருக்கிறார். எல்லோரும் அதைக் கட்டில் குட்டை என்று நினைத்தோம்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். டாக்டரிடமும் பாலியேட்டிவ் நர்ஸிடமும் காட்டி அவர்கள் சரி சொன்னது இது. எங்கள் அத்தைக்கானது, உங்களுடைய எல்லா வீட்டுக்கும் இதே மணி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ‘இடது’, ‘வலது’ என்று எழுதுவதை நிறுத்தினோம். ஒரு சேச்சி இடது என்றால் இடப்பக்கம் கீழே என்று எடுத்துக்கொண்டார், அடுத்து வந்தவர் கட்டிலுக்கு எதிரே நின்று தன் இடதைச் சொன்னார். ஒரு வேளை முழுக்க அத்தை திரும்பாமலே இருந்ததற்கு அதுதான் காரணம். இப்போது அத்தையின் முகம் எதைப் பார்க்கிறது என்று மட்டும் எழுதுகிறோம்: ஜன்னல், கதவு, மேலே. ஜன்னல் என்றால் விழுந்துபோன வலப்பக்கம் கீழே. யார் வந்தாலும் குழப்பம் இல்லை. மலையாளத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் அதே ஜன்னல், அதே கதவு.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இதுதான்:

காலை 6: கதவு, கஞ்சி
8: ஜன்னல்
10: கதவு, கஞ்சி
12: மேலே, துடைத்துவிடுதல், கை கால் மடக்கி நீட்டுதல்
2: ஜன்னல், கஞ்சி
4: கதவு
மாலை 6: ஜன்னல், கஞ்சி
8: மேலே, தலை தூக்காமல்
இரவு 10: கதவு, கஞ்சி
2: ஜன்னல்

மேலே பார்த்துப் படுப்பது ஒரு நாளைக்கு இரண்டே தடவை, அதுவும் கஞ்சி இல்லாத நேரத்தில். திட்டு இருந்த நாட்களில் அந்த இரண்டும் கிடையாது, துடைப்பதையும் சாய்த்தே செய்தோம். இரவு 10 மணிக்குப் பிறகு 2 மணிக்குத்தான் திருப்புகிறோம் என்பதையும் கவனியுங்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

கஞ்சியைச் சாய்ந்த நிலையிலேயே கொடுக்கலாம் என்பது எங்களுக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைப்பதில்லை. அப்படிப் போட்டால் பாரம் முழுதும் இடுப்பின் பக்க எலும்பில் விழும், அங்கே புண் வரும். முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு நீளத் தலையணையைச் செருகி, மல்லாக்க இருந்ததிலிருந்து 30 பாகை மட்டும் சாய்க்கிறோம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையை வால் எலும்புக்கு அடியில் விட்டுப் பார்க்க வேண்டும். கை தடையில்லாமல் போய்வந்தால் சரி. இறுக்கினால் தலையணை போதவில்லை.

அடுத்து, தலையைத் தூக்குவதற்கு முன்னால் முழங்கால் பக்கத்தைத் தூக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. முழங்கால் மடங்கி இருந்தால் உடம்பு சரிய இடமில்லை. அத்தையின் இடுப்பு எங்கே இருக்க வேண்டுமோ, அதாவது கட்டில் மடங்கும் கீலுக்கு நேராக, பக்கச் சட்டத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்திருக்கிறோம். இடுப்பு நூலுக்குக் கீழே போயிருந்தால் மேலே ஏற்றிவிட்டுத்தான் கஞ்சி. ஏற்றும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. விழுந்துபோன பக்கத்துத் தோள் ஏற்கெனவே தளர்ந்து தொங்குகிறது, ஒரு இழுப்பில் மூட்டு நழுவும். நாலாக மடித்த பழைய பருத்தி வேட்டி தோளிலிருந்து தொடை வரை அடியில் எப்போதும் கிடக்கும். இருபுறமும் இருவர் சுருட்டிப் பிடித்து, தூக்கி வைக்க வேண்டும், தரதரவென இழுக்கக் கூடாது. ஒற்றை ஆளாகச் செய்யவே கூடாது என்று எழுதியிருக்கிறோம். பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து கைகொடுக்கிறார்.

தலை உயரம் 30 முதல் 45 பாகை. காம்பஸ் பெட்டியில் இருக்கும் பாகைமானியை வைத்து அளந்து, கட்டில் சட்டத்துக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடு போட்டிருக்கிறோம். கஞ்சி தொடங்குமுன் மூக்கருகே குழாயில் இருக்கும் குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தாலோ, இருமினாலோ, கஞ்சி கிடையாது, போன் செய்ய வேண்டும். குழாயைத் தானே உள்ளே தள்ளிப் பார்ப்பது ஹோம் நர்ஸின் வேலை இல்லை. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். கஞ்சியைச் சிரிஞ்சில் ஊற்றி உயரத்தில் பிடித்தால் தானாக இறங்கும், பிஸ்டனை வைத்து அமுக்க வேண்டியதில்லை. ராகிக் கூழ் என்றால் துணியில் வடிகட்டியது, இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். முடிந்ததும் ஒரு மணி நேரம் தலை உயர்ந்தே இருக்கட்டும், பிறகு கோட்டுக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்க மறப்பதுதான் அதிகம். அதற்குத்தான் நோட்டில் ‘இறக்கிய மணி’ என்று தனியாக ஒரு கட்டம்.

குதிகால்களுக்கு என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் எதன் மேலும் படாமல் நிற்கும். கடையில் விற்கும் காற்றடைத்த வளையத்தை இடுப்புக்கு அடியில் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறோம். வளையத்தின் விளிம்பே சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அமுக்கிவிடும். மரத்துப்போன பக்கத்துக்கு வெந்நீர்ப் பையும் கூடாது, சுட்டாலும் அத்தைக்குத் தெரியாது.

இனி ஏர் பெட்டைப் பற்றி. ஏர் பெட் இருக்கிறது, அதனால் திருப்ப வேண்டியதில்லை என்று உங்கள் ஆட்கள் சிலர் நம்புகிறார்கள். யாரோ அப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், திருப்புகிற வேலையைச் செய்யாது. அதுவும் காற்று சரியாக இருந்தால்தான். தினமும் காலையில் ஏர் பெட்டுக்கும் கீழ் மெத்தைக்கும் நடுவில், இடுப்புக்கு நேராகக் கையை விட்டுப் பார்க்க வேண்டும். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அத்தை ஏர் பெட்டின் மேல் இல்லை, பலகையின் மேல் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பம்பில் இருக்கும் திருகு எடைக்கு ஏற்றது. துடைக்கும்போது தெரியாமல் திருகிவிடுகிறார்கள் என்பதால் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டோம்.

இப்போது இரவு விஷயம். உங்கள் தாளில் இரவு 12, 2, 4 மணிக்கும் கட்டம் இருக்கிறது. வீட்டோடு தங்குகிற ஒரே ஒரு பெண். பகல் முழுக்க வேலை செய்கிறவர் இரவிலும் 2 மணிக்கொரு தடவை எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்து அந்தக் கட்டங்களை அச்சடித்தது யார் என்று எனக்குப் புரியவில்லை. விளைவு என்னவென்றால், விடிந்ததும் மூன்று டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒன்றாக விழுகின்றன. நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்தத் தாள்தான் பொய் எழுத வைக்கிறது. எங்கள் நர்ஸிடம் கேட்டோம். தோல் நன்றாக இருந்து, ஏர் பெட்டும் சரியாக வேலை செய்தால் இரவில் 4 மணி நேர இடைவெளி விடலாம் என்றார். அதனால் 10 மணிக்குச் சேச்சி திருப்பிவிட்டு, 11 மணிக்குத் தலையை இறக்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். 2 மணிக்கு நானும் வீட்டுக்காரரும் எழுந்து திருப்புகிறோம். 6 மணி வரை சேச்சிக்குத் தூக்கம். கரண்ட் போய்விட்டாலோ, தோலில் எங்காவது சந்தேகம் வந்தாலோ இந்தச் சலுகை கிடையாது, பழையபடி 2 மணிக்கொரு தடவை, வேலையைப் பங்கு போட்டுக்கொள்வோம். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் கரண்ட் போகிற லட்சணத்துக்கு இந்த வரியை நோட்டில் பெரிய எழுத்தில் எழுத வேண்டியிருந்தது.

திட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தோல் கிழியவில்லை. சூடு முதலில் போனது, கெட்டி பிறகு. நிறம் பழையபடி ஆக ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. எல்லாத் திட்டும் இப்படிப் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஊதா நிறம் ஏறியது சில சமயம் எவ்வளவு பார்த்தாலும் சில நாளில் பிளந்துகொள்ளும், ஏனென்றால் உள்ளே கெட்டது அன்றைக்கு நடந்தது இல்லை, முன்னமே நடந்தது. சாப்பாடு ஏறாமல் உடம்பு வற்றிப்போனவர்களுக்கும், கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்கும் எவ்வளவு திருப்பினாலும் தோல் தாங்காமல் போகலாம். புண் வந்த வீட்டிலெல்லாம் ஹோம் நர்ஸைக் கைகாட்டும் குடும்பங்கள் உண்டு. எப்படிப் படுத்திருந்தார், தோல் எப்படி இருந்தது என்று எழுதிய நோட்டு இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் அதுதான் சாட்சி.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பொசிஷன் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டு, முகம் எந்தப் பக்கம் என்று எழுத இடம் விடுங்கள். அதன் பக்கத்தில் வால் எலும்பு, இரண்டு இடுப்பு, இரண்டு குதிகால், இரண்டு கணுக்கால், காது ஆகியவற்றைக் காலையும் மாலையும் தொட்டுப் பார்த்து எழுத இடம் விடுங்கள். ‘திருப்பவில்லை, காரணம்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். வாந்தி வந்தது, மூச்சு இரைத்தது, கைகொடுக்க ஆள் இல்லை என்று உண்மையை எழுத ஒரு வழி இருக்கட்டும். இரவுக் கட்டங்களை வீட்டாரோடு பேசி யார் பொறுப்பு என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடியுங்கள். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் வீட்டார் படிப்பது ஒரு எழுத்து, சேச்சி படிப்பது இன்னொன்று.

அடுத்த மாதம் எங்கள் சேச்சி ஊருக்குப் போகிறார். மாற்றாக வருகிறவரைச் சாயங்கால பஸ்ஸில் அனுப்பி, பழையவரை அதே பஸ்ஸில் திருப்பி அழைப்பதுதான் இதுவரை வழக்கம். இந்தத் தடவை காலை 9 மணிக்கே அனுப்புங்கள். 10 மணிக் கஞ்சி, 12 மணிக்குத் துடைப்பது, 2 மணிக்கு ஜன்னல் பக்கம் திருப்புவது, இந்த மூன்றையும் பழையவர் செய்யப் புதியவர் பார்க்கட்டும், பிறகு 4 மணிக்குப் புதியவர் செய்யப் பழையவர் பார்க்கட்டும். அந்த ஒரு நாளுக்கு இரண்டு பேர் சம்பளத்தையும் நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.